எஸ்.ஐ.பி.யில் மாதாமாதம் வந்த யூனிட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

கரூர்வாசி

சந்தை விழுந்து எழுந்த நேரத்தில் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் போட்டு வந்தேன். கணக்கு புரிய என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலையை, முழு ரூபாயாக்கிச் சொல்கிறேன். முதல் மாதம் 50, அப்புறம் 40, 32, மறுபடி 40, கடைசியில் 50. யூனிட் முறையே 100, 125, 156.25, 125, 100. மொத்தம் 606.25.

விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆனால் போட்ட 25,000 ரூபாய் 30,312 ஆகியிருந்தது. அந்த ஐந்து விலைகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 42.40 வருகிறது. என் யூனிட் ஒன்றின் அடக்க விலையோ 41.24தான். 32 ரூபாய் மாதத்தில் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்த மாதம்தான் அதிக யூனிட் தந்தது.

தறிப்பட்டறை

இதைத்தான் நானும் எல்லோரிடமும் சொல்வேன். எஸ்.ஐ.பி. போட்டால் அடக்க விலை எப்போதும் சராசரி விலைக்குக் கீழேதான் நிற்கும். அதனால் நஷ்டமே வராது.

கணக்கு டீச்சர்

முதல் பாதி சரி சார். விலை மாறிக்கொண்டே இருந்தால் அடக்க விலை சராசரிக்குக் கீழேதான் வரும். ஒரே தொகை என்பதால் விலை குறைந்த மாதத்தில் கூடுதலாகவும், ஏறிய மாதத்தில் குறைவாகவும் வாங்குகிறோம். மாதம் 5,000 என்பதற்குப் பதிலாக மாதம் 100 யூனிட் என்று வாங்கியிருந்தால் 21,200 ரூபாய் ஆகியிருக்கும், அடக்கம் அச்சாக 42.40தான்.

ஆனால் நஷ்டம் வராது என்பது தவறு. கரூர்வாசியின் அதே ஐந்து விலைகளை 50, 50, 40, 40, 32 என்று வரிசை மாற்றிப் பாருங்கள். யூனிட் அதே 606.25, அடக்கம் அதே 41.24. ஆனால் இன்றைய விலை 32 என்பதால் கையில் இருப்பது 19,400 ரூபாய், 5,600 நஷ்டம். எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதில் வரிசைக்கு வேலையே இல்லை. அது என்ன பெறும் என்பதைத் தீர்மானிப்பது கடைசி விலை. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இதை நம்ப வைக்கக் கரும்பலகையில் இரண்டு முறை போட வேண்டியிருக்கிறது.

ஓய்வூதியர்

என் கேள்வி வேறு. என்.ஏ.வி. சரியாக 50 ரூபாய் இருந்த நாளில் எனக்கு 100 யூனிட் வரவில்லை. ஸ்டேட்மென்ட்டில் 99.995 என்று இருக்கிறது. ஏஜென்ட் கமிஷனா இது?

கணக்கு டீச்சர்

இல்லை ஐயா, முத்திரைத்தாள் கட்டணம். 2020 ஜூலை 1 முதல் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது நூறு ரூபாய்க்கு அரை பைசா கழிக்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு 25 பைசா. மீதி 4,999.75ஐத்தான் 50ஆல் வகுக்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாகவே இருக்கும், பாருங்கள்.

நைட் ஷிப்ட்

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சம்பளம் தாமதமானதால் ஒரு மாதம் வங்கியில் பணம் இல்லை, தவணை திரும்பிவிட்டது. அபராதமும் பிடித்தார்கள். அதுதான் விலை அடிமட்டத்துக்குப் போன மாதம். இன்னும் வயிறெரிகிறது.

கரூர்வாசி

என் கணக்கில் அந்த 32 ரூபாய் மாதம் விடுபட்டிருந்தால் 20,000 ரூபாய்க்கு 450 யூனிட், அடக்கம் 44.44. ஒரு தவணைதான், யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஏறிவிடுகிறது. விட்டதை அடுத்த மாதம் 40 ரூபாயில் சேர்த்துப் போட்டாலும் 125தான் வரும், 31.25 யூனிட் போனது போனதுதான். தவணைத் தேதியைச் சம்பளத்துக்கு நான்கைந்து நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தறிப்பட்டறை

டீச்சர் சொன்ன வரிசைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 10 ரூபாய்க்கு வரும் புது ஃபண்டில் 500 யூனிட் கிடைக்குமே, அது லாபம் இல்லையா?

கணக்கு டீச்சர்

இல்லை சார். 10 ரூபாய் ஃபண்டும் 50 ரூபாய் ஃபண்டும் பத்து சதவீதம் ஏறினால் இரண்டிலும் உங்கள் 5,000 ரூபாய் 5,500தான். யூனிட் எண்ணிக்கையை ஒரே ஃபண்டுக்குள் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம், ஃபண்டுக்கு ஃபண்டு ஒப்பிடக் கூடாது.

ஓய்வூதியர்

முத்திரைத்தாள் வரியைப் பார்த்துவிட்டேன், நன்றி. இன்னொன்று. 5ஆம் தேதி கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆனால் 8ஆம் தேதி என்.ஏ.வி. போட்டிருக்கிறார்கள். அதற்குள் விலை ஏறிவிட்டது.

கரூர்வாசி

2021 பிப்ரவரியிலிருந்து பணம் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த நாளின் விலைதான் ஐயா. நடுவில் சனி, ஞாயிறு வந்ததா பாருங்கள். எனக்கும் தள்ளிப் போயிருக்கிறது, சில மாதம் யூனிட் குறைந்தது, சில மாதம் கூடியது.

நைட் ஷிப்ட்

அப்படியென்றால் மாதத் தொடக்கத்தில் வைப்பது நல்லதா, கடைசியிலா? யாராவது பல வருடம் இரண்டு தேதியிலும் போட்டு யூனிட்டை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?