8 வயதில் ஒரு மேல் பல் மட்டும் உள்ளே போய்க் கடிக்கிறது: உடனே செய்தவர்களும் காத்திருந்தவர்களும் சொல்லுங்கள்

தேன்மொழி:
மகனுக்கு 8 வயது. மேலே நடுவில் உள்ள இரண்டு பெரிய பற்களில் வலதுபக்கப் பல், வாயை மூடும்போது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. பால் பல் விழாமல் ரொம்ப நாள் நின்றது, புதுப் பல் அதற்குப் பின்னாலேயே முளைத்துவிட்டது. எனக்கு மேல் பல்லைவிடக் கீழ்ப்பல்தான் கவலை. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஈறு இறங்கி, பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிகிறது. ஒரு மருத்துவர், 12 வயதுக்கு மேல் எல்லாப் பல்லும் வந்தபிறகு கிளிப் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் இப்போதே சரிசெய்ய வேண்டும் என்கிறார். இந்த வயதில் செய்தவர்களுக்கு எப்படிப் போயிற்று?

சரவணன்:
அக்கா, இதற்கெல்லாம் பிளேட், கம்பி எதுவும் வேண்டாம். என் அக்கா மகனுக்கு இதே பிரச்சினை. ஐஸ்கிரீம் குச்சியை அந்தப் பல்லுக்குப் பின்னால் வைத்து, கீழ்ப்பல்லில் முட்டுக்கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல், டிவி பார்த்துக்கொண்டே செய்தான். இரண்டு வாரத்தில் பல் வெளியே வந்துவிட்டது. செலவே இல்லை.

வாசுகி:
எங்கள் பெண்ணும் 8 வயதுதான். கட்டைவிரல் சூப்பிச் சூப்பி மேல் பல் தூக்கிக்கொண்டது. விரலை நிறுத்தினாலே பாதி சரியாகும் என்றார்கள், அப்படியே ஆயிற்று. முதலில் பழக்கத்தை நிறுத்துங்கள்.

தேன்மொழி:
வாசுகி, உங்களுக்கு நேர் எதிர் எங்கள் கதை. இங்கே பல் உள்ளே போயிருக்கிறது. விரல் சூப்பும் பழக்கமும் இல்லை.

ரேவதி:
குழந்தைகள் பல் மருத்துவம்தான் என் வேலை. பையனைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

சரவணன் சொன்ன குச்சி வேலை செய்யும், பல் ஈறிலிருந்து பாதி எட்டிப் பார்க்கும் சமயத்தில். அவர் அக்கா மகனுக்கு அப்படி இருந்திருக்கும். முழுதாக முளைத்து, கீழ்ப்பல்லோடு நன்றாகப் பூட்டிக்கொண்ட பல்லைக் குச்சி அசைக்காது. குழந்தைக்கு வலிதான் மிச்சம்.

அடுத்து, இது பல்லின் கோளாறா, தாடையின் கோளாறா என்று பார்க்க வேண்டும். குழந்தையைத் தளர்வாக உட்காரவைத்து, கீழ்த்தாடையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் மூடச் சொல்வோம். மேல் கீழ் முன்பற்கள் நுனியோடு நுனி முட்டி, பிறகு தாடை முன்னால் சறுக்கிப் போய்க் கடித்தால், பல் தடுப்பதால்தான் தாடை முன்னே போகிறது. பெரும்பாலும் நல்ல செய்திதான். நுனிக்கு நுனி கொண்டுவரவே முடியாமல், நான்கு முன்பற்களும் உள்ளே கடித்து, வீட்டில் வேறு யாருக்கும் கீழ்த்தாடை நீண்டிருந்தால் அது வேறு கணக்கு.

உங்கள் பையனுக்கு ஒரு பல்தான், பால் பல் தங்கிய கதையும் இருக்கிறது. அந்த இரண்டாவது மருத்துவர் பக்கம்தான் நான். கீழ்ப்பல்லின் முன்பக்க எலும்பு மெல்லியது. ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பல் வெளியே தள்ளப்படுவதால்தான் ஈறு இறங்குகிறது. 12 வயது வரை விட்டால் அதற்கு இன்னும் 4 வருடம் அடி. அந்தக் கீழ்ப்பல்லின் மேல் விரலை வைத்து, பையனைக் கடித்துத் திறக்கச் சொல்லுங்கள், ஆடுவது உங்கள் விரலுக்கே தெரியும்.

தொடங்கும் முன் எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்குள் கூடுதல் பல் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல் முன்னால் வர இடம் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

குமரன்:
எங்கள் மகனுக்குப் பிளேட் போட்டோம். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் அக்ரிலிக் தகடு, உள்ளே போன பல்லுக்குப் பின்னால் இசட் வடிவ ஸ்பிரிங். கடைவாய்ப் பக்கம் தகடு தடிமனாக இருக்கும். அதனால் வாய் முழுதாக மூடாது, மேல் பல் கீழ்ப்பல்லில் மோதாமல் தாண்டி வர வழி கிடைக்கும். சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது, பல் தேய்க்க மட்டும் கழற்றலாம் என்றார்கள். இங்கேதான் சிக்கல். பள்ளியில் அது பாக்கெட்டுக்குப் போய்விடும். போட்டேன், போட்டேன் என்பான்.

பிளேட்டோடு ஒரு வாரத்துக்கு மேலும் பேச்சு குழறினால் அவன் போடவில்லை என்று அர்த்தம் என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். ஒழுங்காகப் போட்டவனுக்கு நாக்கு பழகிவிடும். கழற்றியதும் அண்ணத்தில் தகட்டின் விளிம்பு பதிந்திருக்க வேண்டும், தகட்டில் கடித்த தடம் இருக்க வேண்டும். எங்கள் பையனின் தகடு கடைசியாகப் பார்த்தபோது புதுசு போலப் பளபளத்தது! அப்புறம் ஒழுங்காகப் போட்டதும் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தது.

மாலதி:
காத்திருக்கச் சொல்வது எப்போதும் சோம்பேறித்தனம் இல்லை. என் மகளுக்கு உள்ளே இருந்தது நடுப்பல் அல்ல, அதற்குப் பக்கத்துப் பல். எக்ஸ்ரேயில் இன்னும் வெளிவராத கோரைப்பல் அந்தப் பல்லின் வேரோடு ஒட்டி நின்றது. இப்போது தள்ளினால் வேர் கோரைப்பல்லில் மோதித் தேயலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். கோரைப்பல் இறங்கிய பிறகுதான் கம்பி போட்டோம்.

அன்வர்:
ரேவதி சொன்ன 'வேறு கணக்கு' எங்களுடையது. மகள், 8 வயது, நான்கு பல்லும் உள்ளே. என் அப்பாவுக்கும் எனக்கும் இதே தாடை. ஃபேஸ்மாஸ்க் கொடுத்தார்கள். நெற்றியிலும் தாடையிலும் முட்டுக்கொடுத்து, ரப்பர் பேண்டால் மேல்தாடையை முன்னால் இழுக்கும். நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம், அதாவது பள்ளி விட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலை வரை. இப்போது பல் சரியாகக் கடிக்கிறது. ஆனாலும் வளர்ச்சி முடியும்வரை யாரும் உறுதி தர மாட்டேன் என்கிறார்கள். பூப்படையும் வயதில் கீழ்த்தாடை மறுபடி முந்திக்கொள்ளலாமாம். பிற்பாடு அறுவை சிகிச்சை வேண்டாமா என்றால் பதில் இல்லை.

சரவணன்:
சரி, குச்சி எல்லோருக்கும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழற்றிப் போடும் பிளேட்டைவிடப் பல்லிலேயே ஒட்டும் கம்பி மேல் இல்லையா? பையன் ஒளித்துவைக்க முடியாதே.

ரேவதி:
ஸ்வீடனில் 62 குழந்தைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுமே பல்லை வெளியே கொண்டுவந்தன, ஒட்டும் கம்பி ஒன்றரை மாதம் அளவுக்குச் சீக்கிரம் முடிந்தது. நான் குழந்தையைப் பார்த்துத்தான் தேர்வு செய்வேன். பல் தேய்க்காத குழந்தைக்குக் கம்பி ஒட்டினால், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும்.

தேன்மொழி:
பல மாதம் கழித்து வருகிறேன். தாடை பின்னால் போய் நுனிக்கு நுனி முட்டியது, எக்ஸ்ரேயில் கூடுதல் பல் இல்லை. குமரன் கதையைப் படித்துவிட்டுக் கம்பிதான் கேட்டேன். முன்னால் நான்கு பல்லில் பிராக்கெட், பின்னால் இரண்டு கடைவாய்ப் பல்லில் வளையம். கீழ்ப்பல் பிராக்கெட்டைத் தட்டிவிடும் என்று கடைவாய்ப் பற்களின் மேல் சிமென்ட் வைத்து உயர்த்தினார்கள். ஆரம்பத்தில் மெல்லவே முடியவில்லை, கஞ்சியும் குழைந்த சோறும்தான். பின்னால் நீட்டிய கம்பி நுனி கன்னத்தில் குத்தும். மெழுகு வைத்துச் சமாளித்தோம்.

பல் வெளியே வந்துவிட்டது. ஆனால் கீழ்ப்பல்லின் மேல் கொஞ்சமாகத்தான் ஏறி நிற்கிறது. ஏறல் குறைவாக இருந்தால் திரும்ப உள்ளே போகலாம் என்று கம்பியைக் கொஞ்ச காலம் விட்டுவைத்திருக்கிறார்கள். கீழ்ப்பல் ஆடுவது நின்றுவிட்டது. ஈறு பாதி ஏறியிருக்கிறது, முழுதாக இல்லை. மீதியும் ஏறுமா?

ரேவதி:
அடி நின்றபிறகு தானாகவே நன்றாகத் தேறும். ஆனால் பக்கத்துப் பல்லின் அளவுக்கு வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. இப்போது ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தை அழுக்கில்லாமல் வைத்திருங்கள். 6 மாதம் கழித்து இன்னொரு போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறாமல் மேலும் இறங்கியிருந்தால் ஈறு மருத்துவரிடம் காட்டுங்கள்.