மறு: வரைந்த உருவப்படத்தில் உடையை மட்டும் மாற்றுவதற்கு என்ன சொல்?

தேன்மொழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு படத்தொகுப்பு மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கையால் வரைந்த உருவப்படம். பென்சிலாக இருக்கலாம், நீர்வண்ணமாக இருக்கலாம். அதில் இருப்பவரின் உடையை மட்டும் மாற்ற வேண்டும், தூரிகைத் தடமும் தாளின் சொரசொரப்பும் கெடக்கூடாது. இந்த வேலைக்கு ஒரு சொல் தேவை. வெறும் 'உடைமாற்றம்' என்று போட்டால், புகைப்படத்தில் சட்டை மாட்டிப் பார்க்கிற துணிக்கடைச் செயலியும் அதற்குள் வந்துவிடுகிறது. தற்காலிகமாக 'தடங்காப்பு உடைமாற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

அருள் எழுதியது:

தேன்மொழி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். எங்கள் தாத்தாவின் பென்சில் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. வெற்றுடம்பில் துண்டு மட்டும். அத்தைக்கு அதில் சட்டை போட வேண்டுமாம். எந்தச் செயலியில் செய்தால் நன்றாக வரும்? நான் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். சட்டை அழகாகத்தான் வந்தது, ஆனால் மொழுமொழுவென்று இருக்கிறது. தாளின் படம் ஒன்றை மேலே பெருக்கல் அடுக்காகப் போட்டுவிட்டால் சொரசொரப்பு வந்துவிடும், இல்லையா? அப்படியானால் 'தாள்பூச்சு' என்றே பெயர் வைத்துவிடலாம்.

ராசேந்திரன் எழுதியது:

அருள் தம்பி, கேள்வி சொல்லைப் பற்றியது, செயலியைப் பற்றியது அல்ல. போகட்டும்.

'தடங்காப்பு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று ஒரு தொடர் வருகிறது. கணவன் பாசறையில் இருக்க, அணிகளைக் களைந்துவிட்டுக் கிடக்கும் அரசிக்கு அது உவமை. வண்ணம் தீட்டாமல் கோட்டுருவாக மட்டும் விட்ட ஓவியம் என்பது பொருள். புனைதல் என்றால் தீட்டுதல், உடுத்துதல், அணிதல் எல்லாம்தான். நீங்கள் தேடுகிற இரண்டு பொருளும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. ஆகவே 'மறுபுனைவு' என்பது என் பரிந்துரை.

இளங்கோ எழுதியது:

ஐயா, 'மறுபுனைவு' அருமை. அதற்குத் திரும்பி வருகிறேன். முதலில் 'காப்பு' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

இந்த வேலையில் எது காக்கப்படுகிறது? துண்டு இருந்த இடத்தில் சட்டை வருகிறது என்றால், துண்டை வரைந்த பென்சில் கோடுகள் அத்தனையும் போய்விடுகின்றன. சட்டைக்கு வருவது முழுக்கப் புதிய கோடுகள். அவை அந்த ஓவியரின் கையை ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தாள் அப்படி இல்லை. சட்டைக்கு அடியிலும் அதே தாள்தான், அதே மேடு பள்ளம்தான் இருந்தாக வேண்டும். தாளைக் காக்கிறோம், கையைப் போலச் செய்கிறோம். இரண்டையும் 'காப்பு' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டினால், படிக்கிறவர் இரண்டுக்கும் ஒரே வழி என்று நினைத்துவிடுவார். அருளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

அருள், உங்கள் சட்டை ஏன் மொழுமொழுவென்று வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலம் ஏறக்குறைய 4960 பிக்சல். தாளின் ஒரு மேடு 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள், அது 7 பிக்சல். செயலி அந்தப் படத்தை 1024 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் அதே மேடு ஒன்றரைப் பிக்சல்தான். அதற்கு மேல், இவ்வகைச் செயலிகளுக்குள் இருந்து படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பலவும் 8க்கு 8 பிக்சல் கட்டத்தை ஒரு புள்ளியாக மடித்து வைத்துத்தான் வேலை செய்கின்றன. மேடு அங்கேயே செத்துப்போகிறது. பிறகு விரியும்போது வருவது உங்கள் தாள் அல்ல, மாதிரி எங்கோ பார்த்த ஏதோ ஒரு தாள். இதில் இன்னொன்றும் உண்டு: மாற்றச் சொல்லாத முகம்கூட இந்த மடிப்பில் லேசாக மாறிவிடும். அதனால் உடைக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் மூலப் படத்திலிருந்து அப்படியே எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும்.

தாள் படத்தை மேலே பெருக்கினால் போதும் என்பது பாதி சரி. வெறும் தாளுக்கு அது பொருந்தும், பென்சில் பட்ட தாளுக்குப் பொருந்தாது. பென்சில் கரி மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அழுத்தி வரைய வரைய கரி பள்ளத்துக்குள் இறங்கும். ஆக, நிழலின் அடர்த்திக்கு ஏற்பப் புள்ளிகளின் உருவமே மாறுகிறது. மேலே ஒரு தாளைப் போர்த்தினால் கரும் நிழலிலும் வெளிர் நிழலிலும் ஒரே மாதிரிப் பொரிப் பொரியாக வரும். பார்த்ததும் தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. மாதிரியிடமிருந்து சட்டையின் வடிவத்தையும் ஒளிநிழலையும் மட்டும் வாங்கிக்கொள்வேன், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தாளின் மேடு பள்ளத்தை ஸ்கேனரிலிருந்தே எடுப்பேன். படத்தை ஒருமுறை நேராகவும், ஒருமுறை 180 பாகை திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் நிமிர்த்தி, முதலாவதோடு பிக்சலுக்குப் பிக்சல் பொருத்துங்கள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிக்கிற ஸ்கேனராக இருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது கரி பெரும்பாலும் அடிபட்டுப் போகும், மேட்டின் சரிவு மிஞ்சும். சரிவை வரிசையாகக் கூட்டினால் உயரம். `a`, `b` என்பவை சாம்பல்நிறமாக எடுத்த அந்த இரண்டு ஸ்கேன்கள், `t` என்பது சட்டையில் வேண்டிய கருமை:

```
h = np.cumsum(a.astype(float) - b, axis=0)
h = h - gaussian_filter(h, (20, 0))
h = rankdata(h).reshape(h.shape) / h.size
g = np.clip((h - (1 - t)) * 4 + 0.5, 0, 1)
```

`g` தான் புதிய கரி. `t` 0.3 என்றால் உயர்ந்த மேடுகளில் மட்டும் ஒட்டும், 0.9 என்றால் பள்ளமும் நிறையும். விளக்கு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் மேடும் பள்ளமும் தலைகீழாகிவிடும். தாத்தாவின் தலைமுடியில் சோதியுங்கள்: பழைய கரி இருக்கும் இடங்களில் `h` உயர்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் `a`, `b` இரண்டையும் இடம் மாற்றுங்கள். இரு பக்கமும் விளக்குள்ள ஸ்கேனரில் இது நடக்காது. அழுத்தித் தேய்த்த கரி பளபளக்கும், அந்த இடங்களிலும் ஏமாற்றும்.

பாத்திமா எழுதியது:

இளங்கோ, நீர்வண்ணத்துக்கு இது நேர் எதிர் இல்லையா? நான் ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். அல்ட்ராமெரின் நீலம் போன்ற நிறங்களில் துகள் பள்ளத்தில்தான் போய்த் தங்கும், மேடு வெளிறி நிற்கும்.

'காப்பு' பற்றி நீங்கள் சொன்னதற்கு எங்கள் துறையில் பழைய சாட்சி ஒன்று உண்டு. மைக்கேலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' சுவரோவியத்தில் இருந்த வெற்றுடல்களுக்கு 1565இல் தானியேலே தா வோல்தெர்ரா துணி வரைந்தார். பல உருவங்களுக்குக் காய்ந்த சுவரின் மேல் பூசினார். அடியில் இருந்தது அப்படியே இருந்தது. ஆனால் புனித கேத்தரின் உருவத்தில் பழைய சாந்தையே செதுக்கி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து பூசி, ஈரத்தில் பச்சை உடை வரைந்தார். அங்கே மைக்கேலாஞ்சலோ இல்லை. இரண்டும் உடைமாற்றம்தான், ஆனால் ஒன்றில் தளம் மிஞ்சியது, மற்றதில் போய்விட்டது. உங்கள் செயலி செய்வது இரண்டாவது வகை. நீங்கள் சொன்ன வழி முதலாவது வகையைப் போல நடிக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். இதை 'நிரப்பல்' என்று மட்டும் பெயரிடாதீர்கள். எங்களுக்கு நிரப்பல் என்றால் உதிர்ந்துபோன இடத்தில் மட்டும் வண்ணம் இடுவது. மூலத்தின் மேல் ஒரு துளிகூட ஏறக்கூடாது.

இளங்கோ எழுதியது:

ஆமாம், துகள் தங்கும் நிறங்களுக்கு `h` இருக்கும் இடத்தில் `1 - h` போட வேண்டும். மற்றபடி அதே வரிதான். எண்ணெய் வண்ணத்துக்கு இந்த வழியே உதவாது. அங்கே மேடு தாளுடையது அல்ல, வண்ணத்துடையது. உடை போனால் அந்த மேடும் கூடவே போகும். 'நடிக்கிறது' என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

ராசேந்திரன் எழுதியது:

பாத்திமா அம்மா சொன்ன பிறகு 'புனைவு' இன்னும் பொருந்துகிறது. இன்றைக்குப் புனைவு என்றால் கற்பனை என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்? இருந்துவிட்டுப் போகட்டும். தாத்தா போடாத சட்டை கற்பனைதானே.

தேன்மொழி எழுதியது:

ஐயா, அதுதான் எனக்குச் சிக்கல். பட்டியில் 'மறுபுனைவு' என்று ஒரு பொத்தான் இருந்தால், பயனர் அது கதையைத் திருத்தி எழுதும் வசதி என்று நினைப்பார். 'உடை மறுபுனைவு' என்று சேர்த்தே எழுதினால் தப்பிக்கலாம். 'உடை மறுவரைவு' என்றும் யோசித்தேன், ஆனால் வரைவு என்றதும் அலுவலகக் கடிதம் நினைவுக்கு வருகிறது.

இளங்கோ பிரித்ததை எடுத்துக்கொள்கிறேன். மென்பொருளில் இதற்கு ஒரே நகர்த்தியாக இருப்பதை இரண்டாக்கச் சொல்லி மென்பொருள்காரர்களுக்கும் எழுதப்போகிறேன். தாளுக்குத் 'தாள்காப்பு', கோடுகளுக்குக் 'கையொப்பு'. கையொப்பு என்பதைக் கையொப்பம் என்று படித்துவிடுவார்களோ என்று ஒரு பயம் மட்டும் இருக்கிறது.

ராசேந்திரன் எழுதியது:

கட்டாயம் படிப்பார்கள். 'கைப்போக்கு ஒப்பு' என்று நீட்டுங்கள். பொத்தானில் இடம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

அருள் எழுதியது:

தலைமுடிச் சோதனையில் தலைகீழாகத்தான் வந்தது, இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. சட்டைக் காலர் ஓரத்தில் தாள் வெட்டுப்படாமல் ஓடுகிறது. ஆனாலும் இடது தோள் யாரோ வேறு ஆள் வரைந்தது போலவே இருக்கிறது. காரணம் தெரியவில்லை.

இளங்கோ எழுதியது:

நிழல் கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். வலக்கைக்காரரின் கோடுகள் பெரும்பாலும் கீழ் இடமிருந்து மேல் வலமாகப் போகும். லியொனார்தோ இடக்கைக்காரர், அவருடையவை மறுபக்கம் சாயும். மாதிரிக்கு இந்த ஒழுங்கு தெரியாது, தோளின் வளைவுக்கு ஏற்றபடி திருப்பிவிடும்.

அருள் எழுதியது:

முகத்தில் எல்லாக் கோடும் வலப்பக்கம் ஏறுகின்றன. இடது தோளில் மட்டும் இறங்குகின்றன. அந்த ஒரு கை அகலத்தை அழித்துவிட்டு நானே கோடு போடப்போகிறேன். அதற்கும் 'மறுபுனைவு' என்றுதான் பெயரா, ஐயா?