வோல்ட்டி போட்டால் கால் வெயிட்டிங் வேலை செய்யவில்லை, உதவுங்கள்

நான் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது அழைத்தால் அவர்களுக்கு பிஸி டோன் கேட்கிறது, எனக்கு பீப் ஒலிகூட வருவதில்லை. `*43#` அழுத்தி கால் வெயிட்டிங்கை ஆன் செய்தேன். `*#43#` போட்டுப் பார்த்தால் செயலில் இருப்பதாகவே பதில் வருகிறது.

வோல்ட்டியை அணைத்ததும் போன் 3ஜிக்கு இறங்குகிறது, இரண்டாவது அழைப்பும் ஒழுங்காக வருகிறது. அதனால் போன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய நெட்வொர்க்கில் இந்தச் சேவையைப் பார்த்துக்கொள்வது அழைப்புகளை இணைக்கும் சுவிட்ச். வோல்ட்டியில் அது ஐஎம்எஸ் என்ற தனி அமைப்பின் வேலை. இரண்டிலும் கால் வெயிட்டிங் செட்டிங் தனித்தனியாகப் பதிவாகி, ஒன்றில் மட்டும் ஆன் ஆகியிருக்குமோ?

இன்னொன்று, மொபைல் டேட்டா அணைந்திருந்தால் கால் வெயிட்டிங் மெனுவே பிழை காட்டுகிறது. வோல்ட்டியில் சில நெட்வொர்க்குகள் இந்தச் செட்டிங்குகளை டேட்டா வழியாகத்தான் படிக்கும் என்பதால் அது புரிகிறது. ஆனால் டேட்டா ஆன் செய்து மாற்றினாலும் பிஸி டோன்தான்.

வோல்ட்டியில் ஹோல்ட் நன்றாக இருக்கிறது, மெர்ஜ் அழுத்தினால் மட்டும் இரண்டாவது அழைப்பு துண்டிக்கிறது. கான்ஃபரன்ஸுக்குத் தனி சர்வர் வேண்டும், அது என் எண்ணுக்குத் திறக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையில் 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்பதோடு சரி. இதைச் சரிசெய்தவர்கள் யாராவது, அவர்களிடம் சரியாக எதை மாற்றச் சொல்லிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்களேன்.