குளோரின் ஏன் 5/2 R-இல் நிற்கவில்லை? விளக்க உதவுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் எடுக்கிறேன். வாயுக்களின் இயக்கவியலில் ஓர் இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

ஆர்கான் ஓரணு வாயு. அது மூன்று திசைகளில் நகர மட்டுமே செய்யும், அதனால் சுதந்திர இயக்கக்கூறு 3. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோலுக்கு ½RT ஆற்றல் என்பதால் Cv = 3/2 R, அதாவது 12.5 J/mol K. ஈரணு வாயுவான நைட்ரஜன் இரண்டு அச்சுகளில் சுழலவும் செய்யும். கூறு 5, Cv = 20.8. கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுவதால், அதே ஒரு டிகிரி ஏற்ற நைட்ரஜனுக்குக் கூடுதல் வெப்பம் தேவை. இதுவரை பிள்ளைகளுக்குத் தெளிவு.

ஒரு மாணவி குளோரினைக் கேட்டாள். அதுவும் ஈரணுதான், ஆனால் அறை வெப்பநிலையில் Cv ஏறத்தாழ 25.5. அதிர்வியக்கத்துக்கு இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என இரண்டு பங்கு. அதை முழுதாகச் சேர்த்தால் 7/2 R, 29.1 வரவேண்டும். குளோரின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சமபங்கீட்டு விதியில் பாதிப் பங்குக்கு இடமே இல்லை என்கிறாள். நியாயமான கேள்வி!

அதிர்வு ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும், நைட்ரஜனின் படி 300 K-இல் எட்டாத உயரம், குளோரினின் கனமான அணுக்களும் தளர்ந்த பிணைப்பும் படியைத் தாழ்த்துகின்றன என்று சொன்னேன். குவாண்டம் கணக்குக்குள் போகாமல், அந்த 25.5-ஐ அவர்களே தோராயமாகப் போட்டுப் பார்க்க வழி உண்டா? வகுப்பில் செய்தவர்கள் சொல்லுங்கள்.