'ஃப்ளாட்டன்': தட்டையாக்கலா, படமாக்கலா?

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். பிடிஎஃப் மென்பொருள் ஒன்றின் பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஃப்ளாட்டன்' என்று ஒன்று. அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, அந்தப் படங்களைக் கோத்துப் புதிய பிடிஎஃப் ஒன்றைத் தருகிறது. இப்போதைக்கு 'தட்டையாக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் ரோடு ரோலர்தான் கண்முன் வருகிறது. வேறு சொல் கிடைக்குமா?

நூல் வடிவமைப்பவர்

'வடிவக்காப்பு' என்று வையுங்கள். நாங்கள் அதற்காகத்தானே செய்கிறோம்! ஒருமுறை அச்சுக்கு அனுப்பிய கோப்பில் எழுத்துரு மாறிப்போய், கொம்பு ஓரிடம் கால் ஓரிடம் என்று சிதறி வந்தது. அன்றிலிருந்து எல்லாப் பக்கத்தையும் படமாக்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை. தேடல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எழுத்துணரியை ஓட்டிக் கொடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

```
ocrmypdf -l tam --force-ocr nool.pdf nool2.pdf
```

படிவ வேலை பார்ப்பவர்

தட்டையாக்குவதில் என்ன இழப்பு என்று எனக்குப் புரியவில்லை. நிரப்பிய படிவத்தை வேறு யாரும் திருத்தக்கூடாது என்று தினமும் தட்டையாக்குகிறேன். அதற்குப் பிறகும் பெயரைத் தேடினால் கிடைக்கிறது, நகலெடுக்கவும் முடிகிறது. 'தட்டையாக்கு' நல்ல சொல்தான், மாற்ற வேண்டாம்.

எழுத்துரு வேலை செய்பவர்

ஐயா, நீங்கள் சொல்வது வேறு தட்டையாக்கல். படிவத்தில் நிரப்பும் கட்டம் பக்கத்தின்மேல் ஒட்டிய தனிப்பொருள். அதைப் பக்கத்தோடு சேர்த்துவிடுகிறீர்கள், எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. கட்டளையாகச் சொன்னால் இது:

```
qpdf --flatten-annotations=all padivam.pdf out.pdf
```

தொடங்கியவர் கேட்கும் பொத்தான் எழுத்தையே அழித்துவிடுகிறது. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் ஓடுகிறது என்பதற்காகத் தமிழிலும் அந்தக் குழப்பத்தை இறக்குமதி செய்ய வேண்டாம். அடுக்குகளை ஒன்றாக்குவது தட்டையாக்கல், பக்கத்தைப் படமாக்குவதற்கு வேறு சொல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் கோப்பு எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். 212 பக்க நூல் ஒன்றைச் சோதித்தேன்:

```
$ pdffonts nool.pdf
$ pdftotext nool.pdf - | wc -c
212
```

முதல் கட்டளைக்குத் தலைப்பு வரி மட்டும் வந்தது, கீழே ஓர் எழுத்துரு கூட இல்லை. இரண்டாவது தந்த 212 என்பது நூலில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக வரும் பக்கமுறிவுக் குறிகள் மட்டுமே அவை. முழு நூலுக்கும் ஒரு 'அ' கூட மிஞ்சவில்லை.

வடிவமைப்பவருக்கு: கொம்பும் காலும் சிதறியதற்குப் பெரும்பாலும் காரணம், எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் அனுப்பியது. `pdffonts` காட்டும் பட்டியலில் `emb` என்ற பத்தியில் எல்லாம் `yes` என்று இருந்தால், எந்தக் கணினியில் திறந்தாலும் வடிவம் மாறாது. நீங்கள் படமாக்கிப் பெறும் காப்பு இதிலேயே கிடைத்துவிடுகிறது.

நூல் வடிவமைப்பவர்

சரி, பதித்த கோப்பே இருக்கட்டும். அதில் மட்டும் தமிழ் தேடக் கிடைக்கிறதா? 'கொடி' என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் 'ெகாடி' என்று வருகிறது. என் பழைய நூல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றில் 'தமிழ்' என்று நகலெடுத்தால் `jkpo;` என்று வருகிறது. படமாக்கி நான் எதை இழந்துவிட்டேன்?

எழுத்துரு வேலை செய்பவர்

நியாயமான கேள்வி. ஒருங்குறியில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ொ. ஆனால் பக்கத்தில் வரையும்போது ெ, க, ா என்று மூன்று வடிவங்கள் அந்த வரிசையில் விழுகின்றன. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை கோப்பில் உண்டு. வரிசையை மாற்றிப் படி என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதற்கென்று `ActualText` இருக்கிறது: இந்த மூன்று வடிவமும் சேர்ந்து 'கொ' என்று கோப்பிலேயே எழுதி வைக்கலாம். சீடெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
\XeTeXgenerateactualtext=1
```

பாமினி விஷயத்தில் உங்கள் வாதமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. `j` எப்போதும் 'த'தான், `k` எப்போதும் 'ம'தான். மாற்றி ஒன்றில் போட்டால் நூல் முழுவதும் ஒருங்குறியாகிவிடும். 'ெகாடி'யையும் ஒரு சின்ன நிரல் சரிசெய்துவிடும். எழுத்து கலைந்திருந்தால் திரும்ப அடுக்கலாம். படமாகிவிட்டால் ஊகிக்கத்தான் முடியும்.

எழுத்துணரி அப்படி ஊகிப்பதுதான். படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் எழுத்தை வைக்கிறது. ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம் என்பதால் 'வந்தார்' என்பது உள்ளே 'வந்தாா்' என்று உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவருக்குப் படத்தில் சரியாகவே தெரியும், தேடுபவருக்குக் கிடைக்காது. அதனால்தான் பிழையை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

இன்னொன்று. உங்கள் கட்டளையில் உள்ள `--force-ocr` நல்ல எழுத்து இருக்கும் பக்கங்களையும் முதலில் படமாக்கிவிட்டுத்தான் ஊகிக்கத் தொடங்குகிறது. சில பக்கங்கள் மட்டும் படமாக இருக்கும் கோப்பு என்றால் `--skip-text` போடுங்கள், எழுத்துள்ள பக்கங்களை அப்படியே விட்டுவிடும்.

திரைவாசிப்பானில் படிப்பவர்

எனக்குப் பார்வை இல்லை, காதால்தான் படிக்கிறேன். போன வாரம் ஒரு விண்ணப்ப அறிவிப்பு வந்தது, 6 பக்கம். திறந்தவுடன் பக்கம் காலி என்று திரைவாசிப்பான் சொன்னது. அனுப்பியவரிடம் கேட்டேன். "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்றார். தெரியும்தான்!

நானே எழுத்துணரியில் போட்டேன். சொற்கள் ஓரளவு வந்தன. ஆனால் இரண்டு பத்தியாக இருந்த பக்கத்தில் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படித்தது. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவவும் முடியவில்லை. தலைப்பு எது, அட்டவணை எது என்ற குறியீடு மூலக் கோப்பில் இருந்திருக்கலாம், படத்தில் அதற்கு இடமே இல்லை. கடைசித் தேதி ஓர் அட்டவணைக்குள் இருந்தது. அது எந்தப் பணிக்கான தேதி என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

சொல்லைப் பற்றி: 'வடிவக்காப்பு' மட்டும் வேண்டாம். காப்பு என்று எழுதியிருந்தால் யார்தான் அழுத்த மாட்டார்கள்?

இழையைத் தொடங்கியவர்

'ஊமைப் பக்கம்' என்று வைத்தால் இழப்பு உடனே புரியும் என்று தோன்றுகிறது.

திரைவாசிப்பானில் படிப்பவர்

மென்பொருள் செய்த தவறுக்கு ஊமைகள் பெயரை ஏன் இழுக்கிறீர்கள்? எழுத்து இல்லை, அவ்வளவுதானே. அதையே சொல்லுங்கள்.

எழுத்துரு வேலை செய்பவர்

'படமாக்கல்' நேரான சொல். சினிமாக்காரர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சிக்கல். "நாவலைப் படமாக்கினார்" என்றால் யாரும் பிடிஎஃப்பை நினைக்க மாட்டார்கள். முன்னால் 'பக்கம்' சேர்த்தால் தெளிவாகிவிடும்: வினைக்குப் 'பக்கங்களைப் படமாக்கு', விளைவுக்குப் 'படப்பக்கம்'. "இந்தக் கோப்பில் 40 படப்பக்கங்கள்" என்று பேச்சிலும் வரும்.

படிவ வேலை பார்ப்பவர்

அப்புறம் என் பொத்தானுக்குத் 'தட்டையாக்கு' நிலைக்கிறது அல்லவா? எனக்கு அது போதும்.

நூல் வடிவமைப்பவர்

படப்பக்கம் என்றால் படங்கள் உள்ள பக்கம் என்றுதான் எங்கள் தொழிலில் எடுத்துக்கொள்வார்கள். நூலின் நடுவே வழவழப்பான தாளில் வருமே, அது. அந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்துருவைப் பதித்துப் பார்க்கிறேன். ஆனால் வரைபடம் நிறைந்த நூலுக்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

இழையைத் தொடங்கியவர்

பொத்தானில் 'பக்கங்களைப் படமாக்கு' என்று போட்டுப் பார்த்தேன், கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. அகலத்தைக் கூட்டச் சொல்லி நிரலாளருக்கு எழுதியிருக்கிறேன். அழுத்தியதும் வரும் பெட்டியில் இந்த வரியைச் சேர்க்கிறேன்: "எழுத்து அழிந்துவிடும். தேடவோ நகலெடுக்கவோ காதால் படிக்கவோ முடியாது. மூலக் கோப்பை வைத்திருங்கள்." விளைவுக்கான பெயர்ச்சொல்லை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன்.