பிளாக் ஸ்மோக்கர் நீரில் மெக்னீசியம் 13 எப்படி? அவசரம்

வைகைக்கரை: நாளை காலை அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். கடலடியில் கரும்புகை போல வெந்நீர் கக்கும் ஊற்றான பிளாக் ஸ்மோக்கர் நீரில் மெக்னீசியமே இருக்காது என்று வகுப்பில் சொன்னார்கள், கொடுத்த அட்டவணையில் 13 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா? அசல் நீரில் இரும்பு எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறார்கள்.

மேலூர் செல்வி: 13 என்ன அலகு? எந்த இடத்து மாதிரி? இரும்புக்கு என்ன போட்டிருக்கிறது?

ஆனையூர் பாண்டி: எங்கள் போர் தண்ணீரிலும் மெக்னீசியம் அதிகம், கீசர் காயிலில் வெள்ளையாகக் காறை கட்டிவிடும். வேறு லேபில் கொடுத்துப் பாருங்கள் தம்பி.

கல்மண்டபம்: கேள்வியை முழுசாகக் கேட்கப் பழகுங்கள் முதலில். கடலடி முகட்டில் மாக்மா முட்டிக்கொண்டு வந்து இரண்டு பக்கத்துப் புவித்தட்டுகளையும் தள்ளுகிறது, மெக்னீசியம் அதிலிருந்து வந்திருக்கும். இது முதல் செமஸ்டர் பாடம்.

வைகைக்கரை: ஒரு கிலோவுக்கு மில்லிமோல். கிழக்குப் பசிபிக் முகடு, 21 டிகிரி வடக்கு. இரும்பு 1.2.

திருமங்கலம் டீச்சர்: பிழை இல்லைப்பா. புதுப் பாறையின் விரிசல்களில் இறங்கும் கடல்நீர் சூடேறும்போது அதிலுள்ள மெக்னீசியத்தைப் பாறை பிடித்துக்கொண்டு களிமண் வகைக் கனிமமாக்கிவிடுகிறது. நீர் அமிலமாகி, பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு 350 டிகிரியில் மேலே வருகிறது. ஆழத்தின் அழுத்தம் அதைக் கொதிக்க விடுவதில்லை. மாதிரி எடுக்கும்போது பக்கத்துக் கடல்நீரும் கொஞ்சம் குழாய்க்குள் போய்விடும், உன் 13 அதுதான். கடல்நீரில் மெக்னீசியம் சுமார் 53, ஆகவே உன் மாதிரியில் கால் பங்கு கடல்நீர், முக்கால் பங்குதான் அசல். கடல்நீரில் இரும்பு இல்லாத மாதிரிதான், அதனால் 1.2ஐ 0.75ஆல் வகு, 1.6 வரும்.

கல்மண்டபம்: மாக்மா தள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

மேலூர் செல்வி: தள்ளவில்லை சார், தட்டுகள் விலகுவதால்தான் அடியிலிருக்கும் பாறை மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து, கூடுதல் சூடு இல்லாமலே ஒரு பகுதி உருகி, 6, 7 கிலோமீட்டர் தடிமனுக்குப் புதுக் கடலடி ஓடாகிறது. மறுமுனையில் அமிழும் தட்டின் எடைதான் பெரிய இழுவிசை.

கல்மண்டபம்: அட்லாண்டிக்கில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் அமிழவே இல்லையே அம்மா, அங்கே யார் இழுக்கிறார்கள்?

மேலூர் செல்வி: முகடு உயரமாக இருப்பதால் தட்டு சரிகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மாக்மா முட்டுவது வேறு விஷயம்.

திருமங்கலம் டீச்சர்: தம்பி, ஒன்றை விட்டுவிட்டேன். குளிர்ந்த கடல்நீர் பட்டதும் இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து கருந்தூளாகிவிடும், அந்தப் புகையே அதுதான். மாதிரிக் குப்பிக்குள்ளும் அது நடக்கும். அடியில் படிந்த தூளை அமிலத்தில் கரைத்து அளந்தார்களா என்று பார். இல்லையென்றால் உண்மை அளவு 1.6க்கு மேல்தான்.

ஆனையூர் பாண்டி: அப்போ என் கீசர் காறை?

திருமங்கலம் டீச்சர்: அதுவும் ஒட்டாத கதை இல்லை. கடல்நீர் 150 டிகிரி தாண்டினால் அதிலுள்ள கால்சியம் சல்பேட் படிந்துவிடும், புகைபோக்கியின் முதல் சுவர் அப்படித்தான் எழும்புகிறது. ஊற்று நின்று ஆறினால் அதே சுவர் மெல்லக் கரைந்தும் போகும். உங்கள் காறை ஆறினாலும் கரையாது, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

வைகைக்கரை: 1.6 போட்டுவிட்டேன் டீச்சர், நன்றி. தூள் பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை.