இரண்டு வயரில் க்ரூஸ் கண்ட்ரோலா?

பழைய ஆல்டிஸ்: என்னுடையது 2011 கரோலா ஆல்டிஸ் 1.8 பெட்ரோல், மேனுவல் கியர். கீழ் வேரியன்ட், க்ரூஸ் இல்லை. த்ராட்டில் எலக்ட்ரானிக். "ஸ்டீயரிங்கில் மாட்டும் பழைய க்ரூஸ் பட்டன் ஸ்டாக் ஒன்று வாங்கி இரண்டு வயர் கொடுத்தால் முடிந்தது, கிட் வாங்குவது வெட்டிச் செலவு" என்று இங்கே ஒருவர் சொன்னார். நம்பி இறங்கலாமா?

கிட் பிரியன்: இரண்டு வயராம்! ஆன், செட், ரெஸ்யூம், கேன்சல் என்று நாலு வேலை இருக்கிறது. இரண்டு வயரில் நாலு வேலை செய்ய அது என்ன மந்திரக்கோலா? கிட் வாங்குங்கள். ஆக்சிலரேட்டர் பெடல் சாக்கெட்டைக் கழற்றி நடுவில் செருகினால் சரி.

வயர்மேன் சேலம்: சொன்னவன் நான்தான். ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. மல்டிமீட்டரை ஸ்டாக்கின் இரண்டு முனையில் வையுங்கள். சும்மா இருக்கும்போது ஓபன். ஆன் பட்டனுக்கு ஏறத்தாழ பூஜ்யம், ரெஸ்யூமுக்கு 240 ஓம், செட்டுக்கு 630, கேன்சலுக்கு 1540. எந்த பட்டன் என்று எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ அதை வைத்தே கண்டுபிடிக்கும். ஒன்று சிக்னல், ஒன்று எர்த். எண்ணிப் பாருங்கள், எத்தனை வயர்?

அப்புறம் கிட். பெடலில் இரண்டு சென்சார் இருக்கின்றன. கிட் கனெக்டர் கொஞ்சம் லூசானாலும் இரண்டு அளவும் ஒத்துப்போகாமல் P2138 என்ற எரர் கோட் வரலாம், வண்டி இழுக்காது. ஈசியூவில் க்ரூஸ் புரோகிராமே இல்லாத வண்டிக்குத்தான் கிட்.

கிட் பிரியன்: ரெசிஸ்டர் பாடம் கேட்கவில்லை. ஸ்டீயரிங் சுற்றுகிறதே, அந்த இரண்டு வயர் எப்படி அறுகாமல் வெளியே வரும்?

வயர்மேன் சேலம்: ஹார்ன் வயர் எப்படி வருகிறதோ அப்படித்தான், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் க்ளாக்ஸ்பிரிங் ரிப்பன் வழியாக. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 90 விநாடியாவது கழித்து ஏர்பேக்கை எடுங்கள். பின்னால் க்ளாக்ஸ்பிரிங் கனெக்டரில் அந்த இரண்டு இடத்தில் பின் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் கனெக்டரில் மட்டும் மீட்டரை வைத்துவிடாதீர்கள், அது ஏர்பேக்குடையது.

டீசல் மாமா: என்னுடையது பழைய ஜீப், த்ராட்டிலுக்கு கேபிள்தான். இதே ஸ்டாக்கைப் போட்டால் வருமா?

வயர்மேன் சேலம்: மாமா, கேள்வியே எலக்ட்ரானிக் த்ராட்டில் பற்றி. கேபிளை இழுக்க உங்களுக்குத் தனி மோட்டார் வேண்டும். வேறு இடத்தில் கேளுங்கள்.

ஹைவே குமரன்: இவ்வளவு தெரிந்தவர் கிளட்ச் பற்றி வாயே திறக்கவில்லையே? வண்டி மேனுவல். க்ரூஸில் போகும்போது கிளட்சை மிதித்தால் லோடு போய்விடும், ஆர்பிஎம் எகிறும். கிளட்ச் பெடல் மேலே ஸ்விட்ச் வேண்டும். அதற்கும் வயர் உண்டு. இப்போது எத்தனை வயர் சார்?

வயர்மேன் சேலம்: நான் சொன்னது ஸ்டாக்குக்கு இரண்டு வயர். ஸ்டாக்குக்கு! அதுவும் வேகம் 16 கிலோமீட்டர் குறைந்தால் க்ரூஸ் தானே விட்டுவிடும்.

ஹைவே குமரன்: 100-ல் போகிற வண்டி 84-க்கு வரும்வரை எஞ்சின் அலறட்டும் என்கிறீர்கள்.

வயர்மேன் சேலம்: கிளட்சுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் கட்டாகிவிடும். ஓட்டத் தெரிந்தவனுக்கு இது பிரச்சினை இல்லை.

ஹைவே குமரன்: அவசரத்தில் கால் எதை முதலில் மிதிக்கும் என்று யோசித்து ஓட்டுவீர்களா? கிளட்ச் ஸ்விட்ச் இல்லாமல் மேனுவலில் போடவே கூடாது.

கிட் பிரியன்: ஆக மூன்றாவது வயர் வந்துவிட்டது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வயர்மேன் சேலம்: நீங்கள் சொன்னது நாலு வேலைக்கு நாலு வயர் என்று. மாற்றிப் பேசாதீர்கள். உங்கள் கிட்டுக்கு கிளட்ச் சிக்னல் வேண்டாமா? வேகம், பிரேக், கிளட்ச் மூன்றையும் தேடி வயரை வெட்டி ஒட்ட வேண்டும். அதையும் எண்ணுங்கள்.

பழைய ஆல்டிஸ்: ஏர்பேக்கைக் கழற்றிப் பார்த்தேன். அந்த இரண்டு இடமும் காலி, பின்னே இல்லை. கிளட்ச் பெடல் மேலே பிராக்கெட்டில் ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது.

வயர்மேன் சேலம்: அப்படியானால் க்ரூஸ் உள்ள வண்டியின் க்ளாக்ஸ்பிரிங்கும் வாங்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் கீழிருந்து ஈசியூ வரை வயர் வருகிறதா என்று கன்டினியூட்டி பாருங்கள், இல்லையென்றால் இழுக்க வேண்டும். எல்லாம் முடிந்து பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டு மீட்டரில் க்ரூஸ் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பட்டன் சிக்னல் ஈசியூவுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனாலும் ஸ்டாக்குக்கு வயர் இரண்டுதான்.

ஹைவே குமரன்: ஸ்டாக், க்ளாக்ஸ்பிரிங், ஓட்டை உள்ள ஸ்டீயரிங் கவர், கிளட்ச் ஸ்விட்ச், ஈசியூ வரை வயர். "முடிந்தது" என்று எழுதியவர் எங்கே?

கிட் பிரியன்: போன வருடம் ஹெட்லைட் ரிலேவுக்கும் இவர் இப்படித்தான் "ஒரே வயர்" என்றார்.

வயர்மேன் சேலம்: அந்த ரிலேயில் எர்த் கொடுக்க மறந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆல்டிஸ் தம்பி, ஈசியூ பக்கம் பார்த்துவிட்டு எழுதுங்கள். இவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

ஹைவே குமரன்: கிளட்ச் ஸ்விட்சுக்கு இன்னும் பதில் வரவில்லை.